தோப்பு வைத்தவரும் சந்தைக்கு வந்தவரும்: அந்நிய நேரடி முதலீடு, போர்ட்ஃபோலியோ முதலீடு – ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் கேட்ட கேள்விகள்

ரெண்டுமே வெளிநாட்டுப் பணம்தானே சார்? ஒண்ணுக்கு சிவப்புக் கம்பளம், இன்னொண்ணைப் பாத்தா பயம். ஏன் இந்த வித்தியாசம்?

போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கு வரும் மாங்காய் வியாபாரியை நினைத்துக்கொள்ளுங்கள். விலை பிடித்தால் வாங்குவார், பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் வேறு சந்தைக்குப் போய்விடுவார். காவேரிப்பட்டணம் பக்கம் பத்து ஏக்கரில் மாங்கன்று நட்டு, போர் போட்டு, வேலி கட்டியவரால் அப்படிப் போக முடியாது. ஒரு வருடம் விலை சரிந்தாலும் மரம் அங்கேயேதான் நிற்கும். அவர் போக நினைத்தால் தோப்பை வாங்க வேறொருவர் வர வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும், விலையும் குறைத்துத்தான் கேட்பார்கள்.

நேரடி முதலீடு தோப்பு வைத்தவரின் பணம். தொழிற்சாலை, இயந்திரம், நிர்வாகத்தில் பங்கு என்று இறங்கிய பணம். கிருஷ்ணகிரி அருகே தைவானின் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் கட்டியிருக்கும் ஆலை அந்த வகை. போர்ட்ஃபோலியோ முதலீடு சந்தைக்கு வந்தவரின் பணம். பங்குச்சந்தையில் பங்கோ கடன் பத்திரமோ வாங்கும், ஆனால் கம்பெனியை நடத்தும் எண்ணம் அதற்கு இல்லை.

இரண்டில் ஒன்று நல்லவர், இன்னொன்று கெட்டவர் என்று அரசுகள் பிரிப்பதில்லை. வெளியே போகும் கதவு யாருக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, போகும்போது ஏற்படும் நஷ்டத்தை யார் தாங்குகிறார்கள் என்பதைத்தான் பார்க்கின்றன.

பத்து சதவீதம்னு ஒரு கோடு சொல்றாங்களே, அது என்ன கணக்கு?

பன்னாட்டு நிதியமும், பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி.யும் இந்த இரண்டு முதலீட்டையும் புள்ளிவிவரத்தில் பிரிக்க வைத்திருக்கும் கோடு அது. ஒரு கம்பெனியின் வாக்குரிமையில் பத்து சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருப்பவருக்கு நிர்வாகத்தில் குரல் இருக்கும், நீண்ட நாள் தங்குவார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் 2014-இல் அரவிந்த் மாயாராம் குழு இதே கோட்டைப் பரிந்துரைத்தது. இப்போது 2019-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி விதிகளில் அது இருக்கிறது.

பலரும் தவறவிடுவது ஒன்று உண்டு. இந்தப் பத்து சதவீதக் கோடு பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிக்கு மட்டும்தான். பட்டியலிடாத கம்பெனியின் பங்கில் வெளிநாட்டவர் ஒரு சதவீதம் போட்டாலும் அது நேரடி முதலீடுதான். காரணம் எளிது. பட்டியலிடாத பங்கை விற்க நினைத்தவுடன் விற்க முடியாது. அதற்குச் சந்தையே இல்லை.

கோட்டைத் தாண்டினால் என்ன ஆகும்? பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவு செய்த ஒரு வெளிநாட்டு நிதி, தன் குழுமத்தையும் சேர்த்து, ஒரு கம்பெனியில் பத்து சதவீதத்துக்குள்தான் இருக்க வேண்டும். தாண்டிவிட்டால் அந்த வாங்கல் செட்டில் ஆன நாளிலிருந்து ஐந்து வர்த்தக நாட்களுக்குள் கூடுதலை விற்க வேண்டும். விற்க விருப்பமில்லை என்றால் நேரடி முதலீடாக மாற்றிக்கொள்ள வேண்டும். அப்படி மாற்றுவதற்கான நடைமுறையை ரிசர்வ் வங்கி 2024 நவம்பரில் வெளியிட்டது. கம்பெனியின் சம்மதம் வேண்டும், தேவைப்படும் துறையில் அரசின் அனுமதி வேண்டும், நேரடி முதலீடு தடை செய்யப்பட்ட துறையாக இருக்கக் கூடாது.

திரும்பி வருவதற்கு அதே வழி கிடையாது. நேரடி முதலீடாக வந்தவரின் பங்கு பின்னாளில் பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலும் அது நேரடி முதலீடாகவே கணக்கில் தொடரும். நம் மாவட்டத்திலேயே இதற்கு உதாரணம் சொல்லலாம். போச்சம்பள்ளியில் ஆலை வைத்திருக்கும் ஓலா எலக்ட்ரிக் 2024 ஆகஸ்ட்டில்தான் சந்தையில் பட்டியலானது. அதற்கு முன்பு ஜப்பானின் சாஃப்ட்பேங்க் போன்றவை அதில் போட்ட பணம் நேரடி முதலீடு. பட்டியலான பிறகு ஒரு வெளிநாட்டு நிதி சந்தையில் அதே கம்பெனியின் பங்கைக் கொஞ்சம் வாங்கினால் அது போர்ட்ஃபோலியோ. ஒரே பங்கு, ஒரே ஆலை, ஆனால் பணம் வந்த வாசல் வேறு.

ரூபாய் விழ ஆரம்பிச்சா போர்ட்ஃபோலியோ பணம் போட்டவங்க ஏன் மொத்தமா ஓடுறாங்க? கொஞ்சம் பொறுத்திருந்தா ஏறிடாதா?

அவர்கள் இடத்தில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிதி நிறுவனம் பத்து லட்சம் டாலர் கொண்டுவருகிறது. டாலர் 83 ரூபாய் என்றால் 8.30 கோடி ரூபாய் ஆகிறது. அதில் பங்கு வாங்குகிறது. சந்தை பத்து சதவீதம் இறங்குகிறது. கையில் இப்போது 7.47 கோடி. அதே நேரத்தில் டாலர் 87 ரூபாய் ஆகிவிட்டது என்று வையுங்கள். 7.47 கோடியை 87-ஆல் வகுத்தால் சுமார் 8.59 லட்சம் டாலர். நம் ஊரில் அதே பங்கை வாங்கியவருக்கு நஷ்டம் பத்து சதவீதம். டாலர் கொண்டுவந்தவருக்கோ பதினான்கு.

இந்த இரட்டை அடிதான் ஓட்டத்துக்குக் காரணம். அவர் விற்பதால் பங்கு விலை இறங்குகிறது. விற்ற ரூபாயை டாலராக மாற்றுவதால் ரூபாயும் இறங்குகிறது. அது அடுத்த நிதிக்குப் பயத்தைக் கொடுக்கிறது. கடைசியாகப் போகிறவருக்குத்தான் அதிக நஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் கம்பெனி நன்றாக நடக்கிறது என்று நம்புகிறவர்கூட முதலில் வாசலுக்குப் போகப் பார்ப்பார். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவர் செய்வதும் புத்திசாலித்தனம்தான். எல்லோரும் ஒன்றாகச் செய்யும்போதுதான் நாட்டுக்கு அடி.

2013-இல் இதைப் பார்த்தோம். பத்திரங்கள் வாங்குவதைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க மத்திய வங்கியின் தலைவர் பென் பெர்னான்கி மே 22 அன்று பேசினார். இந்தியாவில் எந்த ஆலையும் மூடவில்லை, மழையும் பொய்க்கவில்லை. ஆனாலும் மே மாதத்தில் 55 ரூபாய் அளவில் இருந்த டாலர் ஆகஸ்ட் 28 அன்று 68-ஐத் தாண்டியது. அமெரிக்காவில் வட்டி ஏறும் என்று எதிர்பார்த்து, கடன் பத்திரங்களில் இருந்த வெளிநாட்டுப் பணம்தான் அப்போது பெரிதாக வெளியேறியது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது பங்குகளிலிருந்து மட்டும் ஒரே மாதத்தில் 60,000 கோடி ரூபாய்க்கு மேல் வெளியே போனது.

அந்த மாதத்தில் ஆலை வைத்திருந்தவர் என்ன செய்திருக்க முடியும்? இயந்திரம் தரையில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தாயிற்று. உதிரி பாகம் தரும் பத்து யூனிட்கள் சுற்றிலும் இருக்கின்றன. பாதி விலைக்கு விற்றுவிட்டுப் போவதைவிடப் பொறுத்திருப்பதே அவருக்கு மேல். ஏற்றுமதி செய்கிறவர் என்றால் ரூபாய் விழுந்தது அவருக்குச் சாதகமாகவே முடியும். கூலி, மின்சாரம், வாடகை எல்லாம் ரூபாயில், வருமானம் டாலரில். ஒரே வீழ்ச்சி ஒருவரை வெளியே தள்ளுகிறது, இன்னொருவரை உள்ளே இருத்துகிறது.

அப்போ ஃபேக்டரி போட்டவங்க பணம் பத்திரம். அது எங்கேயும் போகாது. சரிதானே?

இங்கேதான் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பாடப் புத்தகங்கள் இதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. ஆலை போகாது. பணம் போகலாம். இரண்டும் ஒன்றல்ல.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை இருப்பது எல்லோருக்கும் தெரியும். 2024 அக்டோபரில் ஹூண்டாய் மோட்டார் இந்தியா பங்குச்சந்தைக்கு வந்தது. கொரியாவின் தாய்க் கம்பெனி தன்னிடமிருந்த பங்கில் 17.5 சதவீதத்தை விற்றது. தொகை சுமார் 27,870 கோடி ரூபாய். புதுப் பங்கு எதுவும் வெளியிடாததால் இந்தியக் கம்பெனியின் கணக்குக்கு அந்தப் பணம் வரவில்லை. விற்றவரான தாய்க் கம்பெனிக்குப் போனது. ஆலையில் ஒரு ரோபோகூட நகரவில்லை, ஒரு ஷிஃப்ட்கூட நிற்கவில்லை. நாட்டின் கணக்கிலோ அது நேரடி முதலீடு திரும்பிப்போனதாகப் பதிவாகும்.

அந்தப் பங்குகளை வாங்கியவர்கள் யார் என்று பாருங்கள். நம் மியூச்சுவல் ஃபண்டுகளும் வாங்கின, வெளிநாட்டு நிதிகளும் வாங்கின. வெளிநாட்டு நிதி வாங்கிய அளவுக்கு, தோப்பு வைத்தவரின் இடத்தில் சந்தைக்கு வந்தவர் உட்கார்ந்துவிட்டார். நேற்று வரை போல்ட் போட்டிருந்த பணம் இன்று ஒரு பொத்தான் தூரத்தில் இருக்கிறது. கார் ஓட்டிப் போகிறவருக்கு இது தெரியாது. ரிசர்வ் வங்கிக்குத் தெரியும்.

இது ஒரு கம்பெனியோடு நிற்கவில்லை. 2025 மே மாத ரிசர்வ் வங்கி இதழில் வந்த கணக்கின்படி, 2024-25-இல் இந்தியாவுக்குள் வந்த மொத்த நேரடி முதலீடு சுமார் 81 பில்லியன் டாலர். முதலீட்டை விற்றும் திருப்பி எடுத்தும் வெளிநாட்டவர் கொண்டுபோனது 51 பில்லியனுக்கு மேல். இந்தியக் கம்பெனிகள் வெளிநாட்டில் முதலீடு செய்ததையும் கழித்தால் நிகரமாக நின்றது வெறும் 0.4 பில்லியன். முந்தைய ஆண்டில் அது 10 பில்லியன் அளவில் இருந்தது. இதை வைத்து வெளிநாட்டவர் ஓடுகிறார்கள் என்று முடிவு கட்டுவது தவறு. நல்ல விலைக்கு விற்று வெளியே வர முடிகிறது என்பதே அடுத்தவரை உள்ளே வரவழைக்கும். ஆனால் மொத்த எண்ணை மட்டும் சொல்லும் தலைப்புச் செய்தியை நம்பாதீர்கள். நிகர எண்ணையும் கேளுங்கள்.

இன்னொரு ஓட்டை, கடன். தாய்க் கம்பெனி தன் கிளைக்குக் கொடுக்கும் கடனும் புள்ளிவிவரத்தில் நேரடி முதலீடாகவே எண்ணப்படுகிறது. அதைத் திருப்பிக் கேட்பது ஆலையை விற்பதைவிட மிகவும் எளிது. ஆகவே நேரடி முதலீடு என்ற பெயரைப் பார்த்து நிம்மதியடையாமல், அதில் பங்கு மூலதனம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும்.

நாடுகள் நிஜமாவே ரெண்டையும் வேற வேற மாதிரி நடத்தியிருக்கா? பேச்சுக்கு இல்லாம, நடந்தது ஒண்ணு சொல்லுங்க.

மலேசியா, 1998 செப்டம்பர் 1. ஆசிய நிதி நெருக்கடி தொடங்கி ஓர் ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பிரதமர் மகாதீர் முகமதுவின் அரசு அன்று வாசலைச் சாத்தியது. எல்லா வாசலையும் அல்ல என்பதுதான் கவனிக்க வேண்டியது. பங்கு விற்ற பணத்தை வெளிநாட்டு போர்ட்ஃபோலியோ முதலீட்டாளர் பன்னிரண்டு மாதத்துக்கு நாட்டை விட்டு எடுக்கக் கூடாது. நேரடி முதலீட்டாளருக்கு லாபம், டிவிடெண்ட் எடுத்துச் செல்லத் தடை இல்லை. மறுநாள் ஒரு டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று மாற்று விகிதத்தையும் நிலையாக வைத்தார்கள்.

ஏன் அப்படிப் பிரித்தார்கள் என்பது பினாங்கைப் பார்த்தால் புரியும். அங்கே இன்டெல் 1972 முதல் ஆலை நடத்திவந்தது. அதைச் சுற்றி மின்னணு ஆலைகள் வளர்ந்திருந்தன. அவர்களைப் பயமுறுத்தினால் ஏற்றுமதியும் வேலையும் போய்விடும். சந்தைப் பணத்தைத் தடுத்தால் கோபம் வரும், ஆனால் அதற்கு இழக்கப் பெரிதாக ஆலை எதுவும் இல்லை. அடுத்த பிப்ரவரியில் தடையைத் தளர்த்தி, சீக்கிரம் எடுத்தால் அதிக வரி, பொறுத்து எடுத்தால் குறைந்த வரி என்று மாற்றினார்கள்.

இது பலித்ததா என்பதில் பொருளாதார வல்லுநர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. கதவைச் சாத்தும்போதே ஓட வேண்டிய பணத்தில் பெரும்பகுதி ஓடியிருந்தது. இப்படித் தடை போடாத கொரியாவும் தேறிவிட்டது. என் கருத்தில் மலேசியா சாதித்தது வட்டியைக் குறைக்க ஒரு மூச்சு இடைவெளி பெற்றதுதான்.

அவசரத்தில் கோட்டைத் தப்பான இடத்தில் போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்து. 2006 டிசம்பர் 18 அன்று, உள்ளே வரும் பணத்தில் 30 சதவீதத்தை ஓர் ஆண்டுக்கு வட்டியில்லாமல் மத்திய வங்கியிடம் வைக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். மறுநாள் பங்குச்சந்தை ஏறத்தாழ 15 சதவீதம் விழுந்தது. அன்று மாலையே பங்கு முதலீட்டுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். ஒரே நாளில் போட்டதும் எடுத்ததும்.

நேரடி முதலீட்டுக்குத்தான் அரசு அனுமதி, உச்சவரம்பு எல்லாம் அதிகம் இருக்கு. நல்லதுன்னா ஏன் அதுக்கு இத்தனை பூட்டு?

நல்ல கேள்வி. இதில் பயம் வேறு. போர்ட்ஃபோலியோவில் பயம் வேகத்தைப் பற்றியது. நேரடி முதலீட்டில் பயம் பிடியைப் பற்றியது. தங்குகிறவர் தங்குவதால்தான் யார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. சீட்டுக் கம்பெனி, லாட்டரி, சிகரெட் உற்பத்தி ஆகியவற்றில் நேரடி முதலீட்டுக்கே இடமில்லை. நாளிதழில் அரசு அனுமதியோடு 26 சதவீதம் வரைதான். ஓசூரில் வாகன உதிரி பாகம் செய்யும் கம்பெனியிலோ முன் அனுமதி இல்லாமலே நூறு சதவீதம் வரை வரலாம்.

2020 ஏப்ரல் நல்ல உதாரணம். சந்தை விழுந்து கம்பெனிகள் மலிவாகக் கிடைத்த நேரத்தில், இந்தியாவோடு நில எல்லை கொண்ட நாடுகளிலிருந்து வரும் நேரடி முதலீடு எதுவானாலும் அரசு அனுமதி வேண்டும் என்று மத்திய அரசு அறிவித்தது. கம்பெனியின் பிடி கை மாறிவிடக் கூடாது என்ற கவலை அது.

போர்ட்ஃபோலியோ பணமே வேண்டாம்னு சொல்லிட்டா தொல்லை விட்டுச்சே?

அது வந்திராவிட்டால் ஹூண்டாய் பங்கை அந்த விலைக்கு வாங்க ஆள் குறைந்திருக்கும். வெளியே போகச் சந்தை இல்லாத நாட்டில் ஆலை போடவும் தயங்குவார்கள். 1992-இல் இந்தியா வெளிநாட்டு நிதிகளுக்குப் பங்குச்சந்தையைத் திறந்துவிட்டது. அளவு வைக்கலாம். வேண்டாம் என்று சொல்ல முடியாது.

எங்க யூனிட் பிரைவேட் லிமிடெட். சிப்காட்ல இருக்கோம். ஜெர்மனியில ஒரு கஸ்டமர் 5 கோடி போட்டு 6 சதவீதப் பங்கு எடுக்கிறேன்னு சொல்றார். நாங்க என்ன செய்யணும்?

ஆறு சதவீதம்தானே, போர்ட்ஃபோலியோ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் கம்பெனி பட்டியலிடாதது. ஆகவே இது நேரடி முதலீடு, பொறுப்பு உங்கள் கம்பெனியின் தலையில்.

முதலில் பங்கின் மதிப்பைச் சான்றளிக்க ஆடிட்டரையோ செபியில் பதிவு பெற்ற மெர்ச்சன்ட் பேங்கரையோ பிடியுங்கள். அந்த நியாய மதிப்புக்குக் குறைவாக வெளிநாட்டவருக்குப் பங்கு கொடுக்கக் கூடாது. பணம் வங்கி வழியாகவே வர வேண்டும். வந்ததும் வரவுச் சான்றையும், அனுப்பியவரைப் பற்றிய கே.ஒய்.சி. அறிக்கையையும் வங்கியிடம் கேட்டு வாங்குங்கள். பணம் வந்த 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். ஒதுக்க முடியாவிட்டால் அதற்கடுத்த 15 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஒதுக்கிய நாளிலிருந்து 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கியின் FIRMS தளத்தில், வெளிநாட்டவருக்குப் பங்கு ஒதுக்கியதைத் தெரிவிக்கும் FC-GPR படிவத்தைப் பதிவேற்ற வேண்டும்.

நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் அலுவலகத்துக்கு வரும் சிக்கல்களில் பாதி இந்தக் கடைசிப் படியில்தான். இப்படித்தான் ஒரு யூனிட், பணம் வந்த மகிழ்ச்சியில் இயந்திரத்துக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுப் படிவத்தை மறந்துவிட்டது. அடுத்த ஆண்டு ஆடிட்டில்தான் தெரிந்தது. தாமதக் கட்டணத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு: 7,500 ரூபாய், அதோடு தொகையில் 0.025 சதவீதத்தைத் தாமதமான ஆண்டுகளால் பெருக்கியது. 5 கோடிக்கு ஓர் ஆண்டுத் தாமதம் என்றால் 12,500-உம் 7,500-உம் சேர்த்து 20,000 ரூபாய். தொகை பெரிதில்லை. ஆனால் இந்தப் பதிவு சரியாக இல்லாவிட்டால் நாளைக்கு ஜெர்மன்காரர் பங்கை விற்றுப் பணம் எடுத்துப்போக வரும்போது வங்கி கேள்வி கேட்கும். அவருடைய வெளியேறும் கதவு உங்கள் படிவத்தில் இருக்கிறது. பணம் வருவதற்கு முன்பே வங்கியில் இந்த வேலையைப் பார்க்கும் அதிகாரியைப் போய்ப் பார்த்துப் பேசிவிடுங்கள். ஓசூரில் எல்லாக் கிளையிலும் இதைச் செய்வதில்லை. சில வங்கிகள் பெங்களூரு கிளைக்கு அனுப்பும், அதிலேயே பத்து நாள் போய்விடும்.